ஏறி எண்ணாமல் பஞ்சமத்தைப் பிடிப்பது

குருவிடம் உட்காராமல் கேட்டுக் கேட்டே பாடக் கற்றவர் ஒருவரிடம், தம்பூரா செயலியை ஓடவிட்டு, பஞ்சமத்தைப் பாடச் சொல்லுங்கள். மனசுக்குள் ச ரி க ம என்று ஏறித்தான் வந்து சேர்வார். சரியாகவும் பாடிவிடுவார். ஆனால் ஒரு பாட்டின் நடுவே குரல் சட்ஜத்திலிருந்து நேரே தாவி நின்றால், நின்ற இடம் மத்யமமா பஞ்சமமா என்று சொல்லத் தடுமாறுவார். படிகளை எண்ணத் தெரிகிறது, தூரம் காதில் ஏறவில்லை. இதற்காகவே பாடத்திட்டத்தில் தாட்டு வரிசை இருக்கிறது. தானாகக் கற்பவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பஞ்சமத்திலிருந்தே தொடங்கலாம். சுருதியின் ஒலியளவை உங்கள் குரலைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் சட்ஜம் சரியாகக் கேட்காது. இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறுகாதை உங்கள் குரலுக்கு விடுங்கள். 'ஆ' என்று அசைவில்லாமல், மெல்லிய குரலில், பஞ்சமத்துக்குக் கொஞ்சம் கீழிருந்து மெதுவாக மேலே வழுக்கிவாருங்கள். இடம் நெருங்கும்போது ஒலியில் 'வவ்... வவ்' என்று ஓர் அலைவு கேட்கும். நெருங்க நெருங்க அது மெதுவாகி, ஓரிடத்தில் நின்றுவிடும். அதுதான் பஞ்சமம்.

காரணம் எளிது. ஒரு கட்டை ஆண் சுருதியில் சட்ஜம் நொடிக்குச் சுமார் 130 அதிர்வு. பஞ்சமம் அதில் ஒன்றரை மடங்கு, 195. சட்ஜத் தந்திக்குள்ளேயே 390-இல் ஓர் உள்ளொலி உண்டு. உங்கள் பஞ்சமத்துக்குள்ளும் அதே 390 இருக்கிறது. நீங்கள் 197-இல் நின்றால் உங்களுடையது 394 ஆகிவிடும். நொடிக்கு நான்கு அலைவு. அலைவு நின்றால் சுருதி சேர்ந்தது என்று பொருள். வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மத்யமம். இங்கேதான் காது ஏமாறும். ச–ம தூரமும் ப–மேல் ச தூரமும் ஒன்றே. சுருதியை நிறுத்திவிட்டு யாராவது இந்த ஜோடிகளில் ஒன்றை மட்டும் பாடினால், எந்த ஜோடி என்று சொல்லவே முடியாது. புன்னாகவராளி, நாதநாமக்ரியை போன்ற ராகங்களை மத்யம சுருதியில் பாடுவது இந்தக் குணத்தை நம்பித்தான்: மத்யமத்தைச் சட்ஜமாக்கினால் பழைய சட்ஜம் தானாகப் பஞ்சமமாகிவிடும்.

ஆகவே பயிற்சி சுருதியோடுதான். ம, ப, மேல் ச மூன்றையும் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். எடுத்த சீட்டின்படி சட்ஜத்திலிருந்து நேரே தாவி, ஸ்வரப் பெயர் சொல்லாமல் அகாரத்தில் பாடிப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே சிறிது மௌனம் இருக்கட்டும். மறுநாள் போட்டுக் கேட்டு, அந்த மௌனம் முடிவதற்குள் பதில் சொல்லுங்கள். அதற்குமேல் நேரம் எடுத்தால் மனசு மறுபடியும் எண்ணத் தொடங்கிவிட்டது. அந்தப் பதில் சரியாக இருந்தாலும் தள்ளுபடி.

இது கைகூடியபின் காந்தாரத்துக்கு வரலாம். ரசனைக்கு விருந்து இங்கேதான். மோகனத்துக்கும் சிவரஞ்சனிக்கும் வித்தியாசம் காந்தாரம் ஒன்றுதான்: அதில் அந்தர காந்தாரம், இதில் அரை ஸ்வரம் கீழே சாதாரண காந்தாரம். 1988-இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில் இளையராஜா இரண்டையும் தந்திருக்கிறார். 'நின்னுக்கோரி வர்ணம்' மோகனம். 'வா வா அன்பே அன்பே' சிவரஞ்சனி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, காந்தாரம் வரும் இடங்களை மட்டும் கவனியுங்கள். ஒன்றின் மலர்ச்சியும் மற்றதன் ஏக்கமும் அந்தச் சிறு தூரத்திலிருந்துதான் பிறக்கின்றன. பிறகு சுருதி போட்டு ச–க–ப மூன்றை மட்டும் இரு விதமாகவும் பாடிப் பாருங்கள்.

அந்தர காந்தாரத்துக்குத் தம்பூராவே துணை. மந்தர சட்ஜத் தந்தியை மீட்டி உன்னித்துக் கேட்டால், யாரும் பாடாமலே அந்தக் காந்தாரம் உள்ளே மெலிதாக ஒலிக்கும். அதோடு உங்கள் குரலைச் சேருங்கள். கீபோர்டை நம்ப வேண்டாம்; அதன் காந்தாரம் இதைவிட ஓர் இழை கூடுதலாக இருக்கும்.

இந்தப் பயிற்சியெல்லாம் அசையாமல் நிற்கும் ஸ்வரத்துக்கு மட்டுமே. தோடியின் காந்தாரத்தை இந்த அளவுகோலால் சோதித்து, பாடகர் சுருதி விலகிவிட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அதன் கமகம்தான் அதன் இடம்.