விடுபட்ட முதல் அடி

ரெகே என்றால் பாப் மார்லி, பாப் மார்லி என்றால் எதிர்ப்புக் குரல் என்று எழுதி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இசையைப் பற்றியே சொல்லியாக வேண்டிய இடம் வரும்போது 'தளர்வானது', 'சாவகாசமானது' என்று இரண்டு அடைமொழிகள் வருகின்றன. அத்துடன் சரி. வெயில், கடற்கரை, வேலையற்ற மத்தியானம் என்ற சுற்றுலா விளம்பரத்தின் படிமங்கள் அந்த அடைமொழிகளுக்குப் பின்னால் நிற்கின்றன. சோம்பலான ஜனங்கள், ஆகவே சோம்பலான இசை என்கிற முடிவும் சொல்லப்படாமலே உள்ளே இருக்கிறது. இந்தத் தளர்வு எப்படி உண்டாகிறது என்று கேட்டுப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது என்பது என் எண்ணம். தளர்வு இங்கே சுபாவமல்ல. இரண்டு வாத்தியங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட கறாரான பாகப்பிரிவினையின் விளைவு அது.

முதலில் எண்ணிக்கையைப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சற்று வேகமாகவே எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 140 அல்லது 150 எண்ணிக்கை வரலாம். ரெகேயின் அடிப்படை அமைப்பில் ஒன்றில் டிரம் அடிப்பதில்லை. இரண்டில் கிதார். மூன்றில் டிரம்மின் கால் அடியும் கை அடியும் சேர்ந்து விழுகின்றன. நான்கில் மறுபடியும் கிதார். மூன்றில் மட்டும் விழும் இந்த டிரம் அமைப்புக்கு ஜமைக்காவில் 'ஒன் டிராப்' என்று பெயர். வெய்லர்ஸ் குழுவின் கார்ல்டன் பாரட் அதைத் தன் கையெழுத்தாகவே ஆக்கிக்கொண்டவர். ராக் இசைக்குப் பழகிய காது முதல் அடியில் ஒரு குத்தை எதிர்பார்க்கிறது. அந்த இடத்தில் டிரம் மௌனமாக இருக்கிறது. கால் வைக்கப் போன இடத்தில் படி இல்லை, ஆனாலும் விழுந்துவிடுவதில்லை. ஏன் விழுவதில்லை என்பதுதான் கேள்வி.

அனாகத எடுப்பு பழகிய நம் காதுக்கு இது புதிதில்லை என்று யாரேனும் சொல்லக்கூடும். எனக்கு ஒப்புதலில்லை. நம்மிடம் பாட்டு சமத்துக்குப் பின்னால் எடுத்தாலும், சமத்தைக் காட்ட ஒரு கை தொடையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ரெகேயில் அந்தக் கை இல்லை. அதைக் கேட்பவனே தன் உடம்பால் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்பவனை இப்படி உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையைத்தான் கிதாரும் பாஸும் பங்கிட்டுக்கொள்கின்றன.

கிதாரின் பங்கு மிகச் சிறியது. வாசிப்பவர் கார்ட் முழுவதையும் மீட்டுவதில்லை. பெரும்பாலும் மேல் ஸ்தாயித் தந்திகள் மூன்றையோ நான்கையோ மட்டும் ஒரே வீச்சில் தட்டுகிறார். தட்டிய மறுகணமே இடது கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்திவிடுகிறார். விரல்களைத் தந்தியிலிருந்து எடுப்பதில்லை. எடுத்தால் தந்தி அதிர்ந்துகொண்டே இருக்கும். தொட்டபடி அழுத்தத்தை மட்டும் விட்டால் ஓசை அங்கேயே இறந்துவிடும். ஆக, கிதார் கலையின் பாதி, ஓசையை எழுப்புவதைவிட அதை நிறுத்துவதில் இருக்கிறது. 'ஸ்காங்க்' என்று பெயர் பெற்ற இந்த வெட்டு, ஒரு பாட்டு முழுக்க, சுற்றுக்கு இரண்டாக, மாறாமல் விழ வேண்டும். பல பதிவுகளில் பியானோவும் இதே இடங்களில் கிதாரோடு சேர்ந்து விழுந்து வெட்டுக்குக் கனம் சேர்க்கிறது.

பாஸின் நிலை நேர் எதிர். கிதாரின் அடித் தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ் என்றால் பாஸின் அடித் தந்தி 41, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. கிதார்க்காரர் தன் கனமான தந்திகளைத் தொடுவதில்லை என்பதால் நடுவில் உள்ள இடைவெளி இன்னும் அகலமாகிறது. கிதார் சுருக்கமானது, கூர்மையானது, ஒரே மாதிரியானது. பாஸ் நீண்டது, உருண்டையானது, வாக்கியம் போல் அமைந்தது. இரண்டு மூன்று ஸ்வரங்களில் ஒன்றைச் சொல்லும், பிறகு நிறுத்தும். அந்த நிறுத்தத்தில் கிதாரின் வெட்டு தனியாகக் கேட்கும். பல பாட்டுகளில் டிரம் விட்ட முதல் அடியை பாஸ்தான் தாங்குகிறது. சிலவற்றில் பாஸும் அதை விட்டுவிட்டு ஒரு கணம் தாமதித்து நுழைகிறது.

இப்போது தளர்வுக்கு வருகிறேன். கிதாரைப் பின்பற்றினால் வேகம் நிமிடத்துக்கு 150. பாஸையும் டிரம்மையும் பின்பற்றினால் உடம்பு அதில் பாதி வேகத்தில், 75ல் அசைகிறது. இரண்டு வேகங்களும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. மேலே துடிப்பு, கீழே நடை. வேகமான ஒன்றின் மேல் மெதுவாக நடக்க முடிகிறது என்பதுதான் அந்தச் சாவகாச உணர்வு. வெறும் மந்த கதி அதைத் தராது. மெதுவான பாட்டுகள் உலகில் ஏராளம். அவை பெரும்பாலும் இழுவையாக இருக்கின்றன, தளர்வாக இருப்பதில்லை.

இது ஒரே நாளில் வந்ததுமில்லை. 1960களின் தொடக்கத்தில் கிங்ஸ்டனில் ஸ்கா இருந்தது. எதிரடி வெட்டு அதிலேயே உண்டு. ஆனால் பாஸ், ஜாஸ் முறைப்படி ஒவ்வோர் எண்ணிக்கையிலும் ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருந்தது. அதற்கு மூச்சுவிட நேரமில்லை. 1966 வாக்கில் ராக்ஸ்டெடி வந்து வேகம் குறைந்தபோது பாஸ் நடையை விட்டது. மின்சார பாஸ் பரவியதும், தெருவில் ஆட்டத்துக்கு இசை ஒலிபரப்பிய சவுண்ட் சிஸ்டங்களின் பெரிய பெட்டிகளும் அதற்குத் துணை. நடக்க வேண்டிய கட்டாயம் போனதும் அது பேச ஆரம்பித்தது. 1968ல் ரெகே என்ற பெயர் பாட்டில் வந்து உட்கார்ந்தபோது அஸ்திவாரம் ஏற்கனவே தயாராக இருந்தது.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்க்கலாம். 'ஸ்டிர் இட் அப்' 1967ல் ஒரு முறை பதிவான பாட்டு. 'கேட்ச் எ ஃபயர்' தொகுப்புக்காக வெய்லர்ஸ் அதை 1972ல் கிங்ஸ்டனில் மீண்டும் பதிவு செய்தார்கள். ஏ, டி, ஈ என்று மூன்றே கார்ட்கள். பாட்டு முழுக்க அதே சுழற்சி. பாஸ் வாசித்த ஆஸ்டன் பாரட், கார்ல்டனின் அண்ணன், இந்த மூன்று கார்ட்களின் மேல் ஒரு சிறு வாக்கியத்தை அமைத்து அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே காற்றோட்டம். அலங்காரம் என்று ஏதும் கிடையாது. முதல் நிமிடத்தில் இருந்த நிதானம் கடைசிவரை குலையாமல் இருக்கிறது.

அந்த ஒலிநாடாக்கள் லண்டனுக்குப் போயின. ஐலண்ட் கம்பெனியின் கிறிஸ் பிளாக்வெல் ராக் ரசிகர்களை மனதில் வைத்து மேலும் சில வாத்தியங்களைச் சேர்த்தார். அமெரிக்கரான வேய்ன் பெர்கின்ஸின் கிதாரும், ராபிட் பண்ட்ரிக்கின் கீபோர்டும் அப்படி வந்தவை. பாஸின் கனம் குறைக்கப்பட்டது. 1973ல் உலகம் கேட்டது இந்த வடிவத்தைத்தான். பெர்கின்ஸுக்கு ரெகே புதிது. முதல் எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்று ஆரம்பத்தில் பிடிபடவில்லை என்பதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கிங்ஸ்டன் வடிவம் 2001ல்தான் தனித் தட்டில் வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் வசதி இப்போது நமக்கு இருக்கிறது.

அப்படிக் கேட்டால் என் கட்சிக்கு ஆதாரம் கிடைக்கிறது. பெர்கின்ஸ் மோசமாக வாசிக்கவில்லை; அழகாகவே வாசிக்கிறார். ஆனால் காது அந்தக் கிதாரின் நீண்ட வரியைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்ததும் கேட்பவன் தானாக முதல் அடியைப் போட வேண்டிய அவசியம் தீர்ந்துவிடுகிறது. வெட்டும் பாஸும் பின்னணியாகின்றன. தளர்வு அப்போதும் இருக்கிறது; ஆனால் அது நாம் பங்கெடுக்கும் ஒன்றாக இல்லாமல், பார்த்து ரசிக்கும் காட்சியாகிறது. கிங்ஸ்டன் வடிவத்தில் பாஸ் கிட்டத்தட்ட பாடகனுக்குச் சமமாக நிற்கிறது. சுற்றுலா விளம்பரத்தின் ரெகேக்கு வழி லண்டனில்தான் திறந்தது என்று சொன்னால் மிகையாகலாம். அந்தத் திசையில் முதல் அடி அங்கே விழுந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ரெகேயைப் போலி செய்பவர்கள் தவறுகிற இடங்களும் இதையே நிரூபிக்கின்றன. கிதார்க்காரர் வெட்டை நீட்டிவிடுவார். ஓசை மூன்றாம் எண்ணிக்கைவரை வழிந்து டிரம்மை மூடிவிடும். அல்லது ராக் டிரம்மில் இரண்டிலும் நான்கிலும் கை அடி விழுவதுபோல வெட்டை ஓங்கி அறைவார், பாட்டு அணிவகுப்பாகிவிடும். பாஸ்காரருக்குத் தன் இடைவெளிகள் பொறுக்காது, நிரப்பிவிடுவார். சோதனை சுலபம்: பாட்டு ஓடும்போது ஒன்றில் தலையசைத்துப் பாருங்கள். யாரும் அடிக்காமலே அந்த ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் வாசிப்பு சரி. தேடித் தேடி எண்ண வேண்டியிருந்தால் எங்கோ ஒருவர் அதிகம் வாசிக்கிறார்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ரெகேயும் ஒன் டிராப் இல்லை. 1970களின் நடுவில் ஸ்லை டன்பர் போன்றவர்கள் டிரம்மில் கால் அடியை எல்லா எண்ணிக்கைகளுக்கும் பரப்பினார்கள். அங்கே முதல் அடி காலியில்லை, இசையும் ஆவேசம் கொள்கிறது. கிதாரின் வெட்டும் பாஸின் வாக்கியமும் அங்கேயும் தொடர்கின்றன.

கிங் டப்பி அதே ஆண்டுகளில் இந்தப் பாகப்பிரிவினையைத் தன் மிக்ஸிங் மேஜையில் அப்பட்டமாகக் காட்டினார். பதிவான பாட்டிலிருந்து குரலை எடுப்பார், கிதாரை எடுப்பார். பாஸும் டிரம்மும் மட்டும் எஞ்சும். கிதார் மறைந்த சுற்றுகளில் அந்த வெட்டு நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. திடீரென ஒரே ஒரு வெட்டை எதிரொலியோடு திருப்பிப் போடுவார். அது விழும் இடத்தில் நம் உடம்பு ஏற்கனவே காத்திருக்கிறது. ரெகேயைப் பற்றி எழுதப்பட்ட எந்த விமர்சனமும் இவ்வளவு துல்லியமாக இல்லை.