மரத்தின் தண்டில் என்ன சொல் நிற்கிறது?

பள்ளிக் கண்காட்சிக்கான மர வடிவக் கவிதை பெரும்பாலும் ஒரே வழியில்தான் உருவாகிறது. சார்ட்டில் மரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, பிறகு அதற்குள் சொற்களை நிரப்புவார்கள். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும். கிட்டே போய்ப் படித்தால் தண்டில் குட்டு வெளிப்பட்டுவிடும். அகலம் போதாமல் ‘ஆக்சிஜன்’ துண்டு துண்டாகி, ‘க்’ ஒரு வரியின் தலைப்பில் வந்து நிற்கும். புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் படிக்கிற குழந்தை அங்கே தடுமாறும்.

வெளிக்கோட்டின் மேலேயே சொற்களை ஓடவிடுவது இன்னும் சிரமம். வளைவில் ‘கொ’ எழுதினால் கொம்பும் காலும் விலகிப்போகும். தனித்த காலை ‘ர’ என்று படிக்கத் தோன்றும்.

ஆனாலும் இந்தப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. கோட்டை வரையாமல், வரிகளின் நீளமே மரத்தை உருவாக்கும்படி எழுதினால் அதன் பலம் தெரியும். மாதிரிக்கு ஒன்று:

              பூ
           வேம்பு
        அணில் ஓடும்
     காக்கை கூடு கட்டும்
மணி அடித்ததும் நாங்கள் கூடும்
             நிழல்
             கீழே
              ஒரே
              கால்
   மண்ணுக்குள் எத்தனையோ

இதையே உரைநடையாக ஒரே வரியில் எழுதினால் ‘கீழே ஒரே கால்’ ஒரு மூச்சில் கடந்துபோகும். தண்டில் ஒவ்வொரு சொல்லும் தனி வரியாவதால் கண் நின்று நின்று இறங்குகிறது. மரத்தின் ஒற்றைக்கால் அப்போதுதான் உறைக்கிறது. கடைசி வரி அகலும்போது வேர் என்ற சொல்லே இல்லாமல் வேர் விரிகிறது. வடிவத்தைக் கலைத்துப் பார்த்தும் கவிதை எதையும் இழக்கவில்லை என்றால், அந்த வடிவம் வெறும் ஒப்பனை.

ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் 1633இல் அச்சான சிறகுக் கவிதையில், மனிதன் வறியவனாவதைச் சொல்லுமிடத்தில் வரிகள் சிறுத்து, மீட்சியைச் சொல்லும்போது நீள்கின்றன. நம் எழுகூற்றிருக்கையிலும் ஒன்று முதல் ஏழு வரையான எண்கள் பாட்டுக்குள் ஏறி இறங்குவதால்தான் அதைத் தேர்த்தட்டுகளாக அடுக்க முடிகிறது. இரண்டிலும் வடிவம் பொருளிலிருந்து வருகிறது.

வகுப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. எழுத்தை எண்ணினால் தமிழில் அகலம் கிடைக்காது: ‘ரி’யும் ‘ணொ’வும் எண்ணிக்கையில் ஒன்றுதான், தாளில் பிடிக்கும் இடம் வேறு. வரிகளைத் தனித்தனிக் காகிதத் துண்டுகளில் எழுதி, நடுக்கோட்டில் அடுக்கி, பொருந்தாத சொல்லை மட்டும் மாற்றுவது நல்லது. மொழிப்பயிற்சி உண்மையில் நடப்பது அந்த மாற்றத்தில்தான். ‘மரங்கள்’ நீளும்போது மாணவி ‘தோப்பு’ என்று தேடிப் போகிறாள்.

எந்த மரம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வேம்புக்கு நான்கு சொல் தண்டு போதும். பனைக்கு இருபது ஒற்றைச் சொல் வரிகளாவது வேண்டும். அவற்றை ‘உள்ளது’, ‘ஆகும்’ என்று நிரப்பினால் மரம் நிற்கும், கவிதை நிற்காது. பனையேறியின் ஒவ்வோர் அசைவையும் கீழிருந்து மேலாக ஒரு சொல்லில் வைத்தால், அந்த நெடுந்தண்டுக்கு வேலை கிடைத்துவிடும்.