நடித்தவர் யார்?

'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களில் டார்த் வேடராக நடித்தவர் யார் என்னும் வினாவுக்கு ஒரு பெயரை மட்டும் விடையாகக் கூறுதல் பொருந்தாது. 1977ஆம் ஆண்டு வெளிவந்த முதற்படத்தில் கறுப்புக் கவசம் அணிந்து தோன்றியவர் டேவிட் பிரௌஸ். குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். தம் பங்கு சிறிதெனக் கருதிய ஜோன்ஸ், நடிகர் பட்டியலில் தம் பெயர் இடம்பெறுவதை விரும்பவில்லை. ஆகவே, அப்பட்டியலை மட்டும் நோக்கி விடையளிப்பவர் அவரைத் தவறவிடுவர். 1983இல் வந்த மூன்றாம் படத்திலேதான் அவர் பெயர் இடம்பெற்றது. அப்படத்தின் முடிவில் முகமூடி அகற்றப்பட, வெளிப்படும் முகமோ செபாஸ்டியன் ஷா என்பாருடையது. முந்தைய இரு படங்களில் அவர் இல்லை. உடல், குரல், முகம் எனப் பகுத்து, எப்படத்தில் எவர் என்று ஆண்டுடன் கூறுவதே முறையான விடையாகும்.