நலங்கிள்ளியின் செல்வமும் போப்பின் மூன்று சொற்களும்

ஜி.யு. போப் 1886இல் திருக்குறளின் ஆங்கில ஆக்கத்தை வெளியிட்டபோது முப்பாலுக்கும் அவர் வைத்த பெயர்கள் வர்ச்சூ, வெல்த், லவ். பின்னால் வந்தவர்கள் பலரும் அதே தடத்தில் போனார்கள். மேடையில் குறள் ஒப்பிக்கும் பிள்ளையிடம் அறம் பொருள் இன்பத்துக்கு ஆங்கிலம் கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றுதான் வரும். இவற்றுள் முதலும் மூன்றும் குறையோடு நிற்கக்கூடியவை. நடுவில் உள்ள வெல்த் நிற்காது. ஏன் என்பதற்கான சான்று குறளுக்கு முன்பே, எங்கள் திருச்சி மண்ணிலேயே இருக்கிறது.

திருவெறும்பூரிலிருந்து மேற்கே பேருந்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் உறையூர். அந்த ஊர்ப் புலவர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது புறநானூற்றின் 28ஆம் பாட்டு. கூன், குறள், ஊமை, செவிடு என்று பிறப்பில் நேரும் எட்டுக் குறைகளை முதலில் அடுக்குகிறார். பிறகு மன்னனின் வளத்தைப் பேசி, அறம் பொருள் இன்பம் மூன்றையும் செய்யும் ஆற்றல் உன் செல்வத்துக்கு உண்டு, அவற்றைச் செய்யாமல் விட்டால் நீ உன்னையே காத்துக்கொள்ளாதவன் என்று முடிக்கிறார். இங்கே செல்வம் கருவி. பொருள் அந்தக் கருவியால் அடைய வேண்டியவற்றுள் ஒன்று. பொருளுக்கு வெல்த் என்று போட்டால், மன்னனின் செல்வம் செல்வத்தை உண்டாக்க வேண்டும் என்று புலவர் புத்தி சொன்னதாகிவிடும். வட்டிக்கடைக்காரருக்குச் சொல்லலாம், குறையோடு பிறந்தவர்களை நினைவூட்டித் தொடங்கும் பாட்டு அதற்காகவா பாடப்பட்டது?

குறளுக்கு வந்தாலும் வெல்த் தடுமாறுகிறது. பொருட்பாலில் 70 அதிகாரங்கள். பணம் ஈட்டுவதை நேராக எடுத்துக்கொண்ட அதிகாரம் 76ஆவதான பொருள் செயல்வகை ஒன்றுதான். மற்றவற்றில் கல்வி, காலம் அறிதல், ஒற்றாடல், தூது, அரண், படை, நட்பு, மருந்து, சூது எல்லாம் வருகின்றன. நன்றியில் செல்வம் என்று பயன்படாத சொத்தைச் சாடும் அதிகாரமும், நல்குரவு என்று வறுமைக்கே ஓர் அதிகாரமும் உண்டு. இத்தனைக்கும் மேல் வெல்த் என்று பலகை மாட்டினால், உள்ளே நுழையும் அயலார் கடை மாறி வந்துவிட்டோமோ என்றுதான் நினைப்பார். எங்கள் பெல் குடியிருப்பில் பல மாநிலத்தாரும் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆங்கிலக் குறளைப் புரட்டிவிட்டு, பணத்தைப் பற்றிய பகுதியில் ஒற்றர்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அந்த 76ஆம் அதிகாரத்துக்குள் பொருள் என்பது ஐயமின்றிச் செல்வமே. தீமை கலக்காமல் வழியறிந்து சேர்த்த பொருள் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்று அங்கே ஒரு குறள் சொல்கிறது. மூன்று சொல்லும் ஒரே குறளில் நிற்கும் இடம் அது. இன்னோர் இடம் தெரிந்து தெளிதல். ஒருவனை வினையில் அமர்த்துமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கினாலும் சோதிக்கச் சொல்கிறார் வள்ளுவர். மன்னனே ஆள் ஏவி, பணத்தைக் காட்டியும் பெண்ணாசையைக் காட்டியும் மனம் மாறுகிறானா என்று பார்க்கும் சூழ்ச்சிகளாக இவற்றை விரிக்கிறார் பரிமேலழகர். அங்கே பொருள் வெறும் காசு. ஆக, வெல்த் என்ற சொல் குறளுக்கு அந்நியம் இல்லை. பாலின் பெயராகவும் வாழ்க்கைக் குறிக்கோளின் பெயராகவும் அதை ஏற்றியதுதான் பிழை.

அதற்குப் பதில் பாலிட்டி என்று போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பரிமேலழகர் பகுப்பில் அரசியல் 25, அங்கவியல் 32 அதிகாரங்கள். அந்த அளவுக்குப் பாலிட்டி தாங்கும். எஞ்சிய ஒழிபியல் 13இல் மானம், உழவு, இரவு, கயமை என்று வரும்போது அதுவும் கழன்றுவிடுகிறது. உழுகிறவன் பெருமையும் பிச்சை எடுப்பவன் கூச்சமும் ஆட்சிமுறை ஆகா. வேர்ல்ட்லி வெல்பீயிங், அதாவது உலக வாழ்வின் நலம், என்பது சற்று நீளமானாலும் இரண்டு இடத்திலும் பொருந்துகிறது. அரணும் நட்பும் ஏரும் அதில் அடங்கும். வறுமை அதன் கேடாக அடங்கும். நலங்கிள்ளியின் செல்வம் இந்த நலத்தை உண்டாக்க வேண்டும் என்று படித்தால் சாத்தனார் பாட்டும் நேராகிறது.

அறத்துக்கு வர்ச்சூ பாதி சரி. அது ஒருவருக்குள் இருக்கும் குணம். அறம் செய்யவும் படுவது. இந்து சமய அறநிலையத்துறையின் ஆங்கிலப் பெயரில் அறத்தின் இடத்தில் நிற்பது சாரிட்டபிள் என்ற சொல். கோயிலுக்கு எழுதிவைத்த நிலமும் சத்திரச் சோறும் அறம் என்பது வர்ச்சூவில் கேட்காது. தர்மா என்று போட்டால் தீரும் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதை விடுவதுமே அறம் என்று பரிமேலழகர் தொடங்கியதால் ஏறிய சுமை இன்னும் இறங்கவில்லை. தர்மா என்றால் அது இரட்டிப்பாகும். ரைட் கான்டக்ட் என்பது குணத்தையும் செயலையும் சேர்த்துப் பிடிக்கிறது. கொடையைச் சுட்டும் இடங்களில் மட்டும் வேறு சொல் வேண்டும்.

சொல்லை விடவும் பெரிய இழப்பு, மூன்றையும் காற்புள்ளி போட்டு வரிசையாக நிறுத்துவதில் நேர்கிறது. அதே நலங்கிள்ளியைக் கோவூர் கிழார் பாடிய 31ஆம் புறப்பாட்டில், பொருளும் இன்பமும் அறத்தின் பின்னே வருவதுபோல் மற்ற இரு வேந்தர் குடையும் சோழன் குடையின் பின்னே வருகின்றன. மூன்றும் சமமான உருப்படிகள் அல்ல. முன்னே ஒன்று நடக்க இரண்டு தொடர்கின்றன. தொல்காப்பியக் களவியலோ இன்பத்தை முதலில் வைத்து, பொருளைச் சொல்லி, அறத்தில் முடிக்கிறது. காதலைப் பேசப் புகும் இயல் என்பதால் அந்த வரிசை. நோக்கம் மாறினால் வரிசை மாறும் என்று ஒரு வரி முன்னுரையில் எழுதினாலே போதும், ஆங்கில வாசகருக்குப் பாதி விளங்கிவிடும்.

இன்பத்துக்கு லவ் என்றது, மூன்றாம் பாலின் 25 அதிகாரங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதற்காகப் போப்புக்கு நன்றியும் சொல்ல வேண்டும். 1730இல் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அந்தப் பாலைத் தொடவே இல்லை. ஆங்கிலத்தில் பெயர்த்த ட்ரூ பாதிரியார் 63 அதிகாரங்களோடு நிறுத்தினார், சரியாக அரசியல் முடியும் இடத்தில். ஆனால் லவ் பாலுக்குப் பெயரே தவிர, குறிக்கோளுக்குப் பெயர் ஆகாது. அறத்தால் வருவதே இன்பம் என்ற கருத்து வரும் குறளில் லவ் போட முடியாமல் போப்பே டிலைட் என்று மாற்றினார். பொருள் செயல்வகைக் குறளிலும் அதே டிலைட்தான். தலைப்பில் செய்த தேர்வை அவருடைய உள்ளுரையே திருத்துகிறது. பாலுக்கு லவ், குறிக்கோளுக்கு டிலைட் என்று பிரித்துவிடுவதே முறை.

ஆகவே என் தீர்ப்பு இது. முகப்பில் அறம், பொருள், இன்பம் என்ற ஒலியே ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். குறிக்கோளாக வரும் இடங்களில் ரைட் கான்டக்ட், வேர்ல்ட்லி வெல்பீயிங், டிலைட் என்று பெயர்க்கலாம். வெல்த் என்ற சொல்லை 76ஆம் அதிகாரத்துக்கு ஒதுக்கலாம். தெரிந்து தெளிதலில் மணி என்றே போட்டுவிடலாம். இதற்கு ஒரு விலை உண்டு. பொருட்பால் என்ற தலைப்பிலும், பொருள் செயல்வகையிலும், சோதிக்கப்படுபவனுக்கு நீட்டும் காசிலும் தமிழ் வாசகர் கேட்பது ஒரே சொல்லை. ஆங்கிலத்தில் அது மூன்றாக உடையும். போப் அந்த ஒருமையைக் காப்பாற்றினார், பொருளை விட்டுக்கொடுத்து. குடியிருப்புக்காரர் கேட்ட ஒற்றர் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் என்ற முறையில், நான் ஒருமையை விட்டுக்கொடுக்கிறேன்.