வயது சொல்லாத முடிவு

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் சர்க்கரை கொடுக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் மூளையின் வேலையே தடுமாறத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் நாடுவது பெரும்பாலும் வாயில் கொடுக்கும் குளுகோஸ் ஜெல்லை அல்லது தசையில் போடும் குளுகோகன் ஊசியை. எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை வயதை வைத்து முடிவு செய்வது பரவலான வழக்கம். இதில் பாதி சரி, பாதி ஆபத்து. ஊசியின் அளவைக் கணிக்க வயது ஓரளவு உதவும். ஜெல்லா ஊசியா என்ற கேள்விக்கு வயதிடம் விடை இல்லை.

வழக்கத்தின் வலுவான பக்கம் ஊசியின் அளவு. 25 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அரை மில்லிகிராம், அதற்கு மேல் ஒரு மில்லிகிராம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. எடை தெரியாதபோது ஆறு முதல் எட்டு வயதை எல்லையாகக் கொள்ளலாம் என்கிறது ஒரு மருந்துக் குறிப்பு. பழைய வழிகாட்டிகளில் பன்னிரண்டு வயது எல்லையாக இருந்தது. எல்லைகள் இவ்வளவு விலகி நின்றும் பெருந்தீங்கு நேராததற்குக் காரணம், குளுகோகன் சற்று அதிகமானால் பெரும்பாலும் குமட்டலும் வாந்தியும்தான் வரும் என்பதே. மெலிந்த பத்து வயதுச் சிறுமி 22 கிலோ இருப்பாள்; ஏழு வயதுச் சிறுவன் 28 கிலோ இருப்பான். எட்டு வயதை எல்லையாகக் கொண்டால் அவளுக்கு முழு ஊசியும் அவனுக்குப் பாதியும் போகும், எடையைப் பார்த்தால் தலைகீழாக. அவளுக்கு வாந்தி வரலாம். அவனுக்கோ தேவைக்குக் குறைவான மருந்து போகிறது. வலிப்பில் இருக்கும் குழந்தைக்கு இந்த இரண்டாவது பிழைதான் கவலைக்குரியது. ஆகவே ஐயம் வந்தால் பெரிய அளவின் பக்கம் சாய்வதே நியாயம்.

ஜெல்லின் கதை வேறு. கன்னத்தின் உட்புறத்தில் தடவினால் அங்கிருந்தே ரத்தத்தில் கலந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பெரியவர்களிடம் நடந்த 1978ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், வாயின் சவ்வு வழியே குளுகோஸ் போதிய அளவு உறிஞ்சப்படவில்லை என்று தெரிந்தது. ஜெல் வேலை செய்வது விழுங்கப்பட்டு, குடலைச் சேர்ந்த பிறகுதான். ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம் குளுகோஸ் என்பது கணக்கு. 18 கிலோ உள்ள ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய ஐந்தரை கிராம் தேவை; பத்து கிராம் குளுகோஸ் கொண்ட குழாயில் பாதிக்குச் சற்று மேல். கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். அதே குழந்தை கூப்பிட்டும் கண் திறக்காமல் கிடந்தால், ஜெல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அப்போது அது ஐந்து வயதுக் குழந்தைதான் என்று ஊசிக்குத் தயங்குவது தவறு. விழித்திருந்து விழுங்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, பெரியவன் என்பதற்காக ஊசி போடுவதும் தேவையற்றது.

பதற்றத்தில் யாராலும் எடைக்கணக்குப் போட முடியாது, வயதுதான் எல்லோருக்கும் தெரியும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்தக் கணக்கை அந்த நேரத்தில் போட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் எடை எடுக்கிறார்கள்; அன்றே ஜெல்லின் அளவையும் ஊசியின் அளவையும் மருந்துப் பெட்டியின் மேல் எழுதி வைத்துவிடலாம். இன்னொரு மறுப்பு இன்னும் கனமானது. இந்தியாவில் குளுகோகன் எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். ஊசியே இல்லாத வீட்டில் ஜெல்லைத் தவிர என்ன வழி? குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் உட்புறத்தில் மிகச் சிறிதளவு தடவலாம். ஆனால் அதை நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் நரம்பு வழியாகப் பத்து விழுக்காடு குளுகோஸ் கரைசல், கிலோவுக்கு இரண்டு மில்லி என்ற கணக்கில், நம் 18 கிலோ குழந்தைக்கு 36 மில்லி ஏற்றினால் சர்க்கரை விரைவில் மேலேறும். ஊசி இருக்கும் வீட்டுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. குளுகோகன் கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரையைத்தான் வெளியே விடுகிறது. நெடுநேரம் சாப்பிடாத அல்லது கடுமையாக ஓடியாடிய குழந்தையிடம் அந்தச் சேமிப்பு குறைந்திருப்பதால், ஊசி போட்டும் பலன் தராமல் போகலாம்.

வயதுக்கு உண்மையான இடம் வேறொன்று. மூன்று வயதுக் குழந்தையால் தலை சுற்றுகிறது என்று சொல்ல முடியாது. காரணமில்லாத அழுகையும் வியர்வையும் திடீர்ச் சோர்வும்தான் அதன் மொழி. சிறு குழந்தையின் விரலில் ரத்தம் எடுத்துப் பார்க்க அதிகம் தயாராக இருக்க வேண்டும் என்பதே வயது தரும் பாடம். சர்க்கரை குறைந்திருப்பது தெரிந்த பிறகு, விழுங்குகிறதா என்பது வழியைச் சொல்லட்டும், எடை அளவைச் சொல்லட்டும். பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் தரும் குறிப்புகளில் முதல் வரி வயதாக இல்லாமல், ‘குழந்தை விழித்திருந்து விழுங்குகிறதா?’ என்ற கேள்வியாக இருக்க வேண்டும்.