தி கலர் பர்ப்பிள்: போய்ச் சேராத கடிதங்கள்

கதைமாந்தர் எழுதும் கடிதங்களின் வழியாகவே முழுக் கதையும் சொல்லப்படும் நாவல் கடித வடிவ நாவல் எனப்படும். ஆசிரியர் குறுக்கிட்டு எதையும் விளக்க மாட்டார். எழுதுபவருக்குத் தெரிந்ததும், அவர் எழுதத் துணிந்ததும் மட்டுமே வாசகருக்குக் கிடைக்கும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ (1982) இந்த வடிவத்தின் இயல்புகளையே கதையின் முடிச்சுகளாக ஆக்கிக்கொண்ட நாவல். 1983-இல் இது புலிட்சர் பரிசு பெற்றது.

ஜார்ஜியா மாநிலத்தின் கிராமப்புறத்தில் வாழும் பதினான்கு வயதுச் சீலி கடவுளுக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறாள். தன்னை வன்புணர்ந்த தகப்பன், கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டியிருக்கிறான். அந்த மிரட்டலை அவள் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிப்பதால்தான் இந்தக் கடிதங்களே உருவாகின்றன. கடவுள் அவற்றைப் படிப்பதாகத் தெரியவில்லை, படிப்பவர் வாசகர்தான். நாவலில் வாசகருக்கும் சீலிக்கும் ஏற்படும் நெருக்கத்தின் அடிப்படை இதுவே. அவள் தன் பேச்சுமொழியிலேயே, எழுத்துப்பிழைகளோடு எழுதுகிறாள். தன்னை மணந்தவனின் பெயரைக்கூட எழுதுவதில்லை, ‘மிஸ்டர்’ என்று போட்டு ஒரு கோடு இழுத்துவிடுகிறாள். பாடகி ஷக் ஏவரி அவனை ஆல்பர்ட் என்று கூப்பிடும்போதுதான் அவனுக்கு ஒரு பெயர் இருப்பது நம் காதில் விழுகிறது. அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை அந்தக் கோடு ஒரு பத்தி விளக்கத்தைவிட நன்றாகச் சொல்கிறது.

சீலியின் கடிதங்களில் தேதி இல்லை. இரண்டு கடிதங்களுக்கு நடுவே ஒரு நாள் போயிருக்கலாம், ஐந்து ஆண்டுகளும் போயிருக்கலாம். அவளுடைய தங்கை நெட்டி, ஆல்பர்ட்டின் ஆசைக்கு இணங்காததால் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறாள். கடிதம் எழுதுவதாகச் சொல்லிப் போனவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் இறந்துவிட்டாள் என்றே சீலி எண்ணிக்கொள்கிறாள், வாசகரும் ஏறக்குறைய அப்படியே. உண்மையில் நெட்டி விடாமல் எழுதியிருக்கிறாள். ஆல்பர்ட் அத்தனையையும் ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். அவன் ஒரு கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைப்பதை ஷக் கவனித்துவிடுவதால் உண்மை வெளிவருகிறது. அன்று கையில் சவரக்கத்தியோடு ஆல்பர்ட்டின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் சீலியை ஷக்தான் தடுக்கிறாள். அதன்பின் இருவரும் பெட்டியைத் திறந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்று உறைகளைப் பழையபடி வைத்துவிடுகிறார்கள்.

பல ஆண்டுகளின் கடிதங்களை ஒருசேரப் படிப்பதால் ஒரு விசித்திரம் நேர்கிறது. நெட்டி எழுதியது அவளுக்கு என்றோ நடந்தது. சீலிக்கோ அது இன்றைய செய்தி. தங்களை வளர்த்தவன் சொந்தத் தந்தையல்ல, பெற்ற தந்தை கொலை செய்யப்பட்டவர் என்பதும் இப்படித்தான் அவளுக்குத் தெரியவருகிறது. அதன்பின் அவள் கடவுளுக்கு எழுதுவதை நிறுத்தித் தங்கைக்கு எழுதத் தொடங்குகிறாள். நாவலின் மிகப்பெரிய மனமாற்றம் கடிதத்தின் விளிப்பில் நிகழ்கிறது.

அரைகுறை அறிவு எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கொரின் பகுதி. நாவலின் தொடக்கத்தில், துணிக்கடைக்கு வந்த ஒரு பெண்ணின் கையில் இருக்கும் ஒலிவியா என்ற குழந்தை, தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட மகள்தான் என்று சீலிக்குத் தோன்றுகிறது. அதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அந்தப் பெண்ணே கொரின். பின்னாளில் நெட்டி, கொரின், அவள் கணவர் சாமுவேல் ஆகியோருடன் கிறித்தவ ஊழியத்திற்காக ஆப்பிரிக்கா செல்கிறாள். வளர்ப்புப் பிள்ளைகள் நெட்டியின் சாயலில் இருப்பதைக் கண்ட கொரின், அவர்கள் தன் கணவருக்கும் நெட்டிக்கும் பிறந்தவர்கள் என்று சந்தேகிக்கிறாள். சாகும் தறுவாயில், பழைய உடைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வையில் அன்று வாங்கிய துணியின் துண்டை நெட்டி காட்டும்போதுதான், கடையில் பார்த்த சீலியின் முகம் அவளுக்கு நினைவு வருகிறது. கொரினுக்கு நெட்டியை மட்டும் தெரியும். நெட்டி அந்தக் கடைச் சந்திப்பின்போது உடன் இல்லை. இரண்டு கடிதக் கட்டுகளையும் படித்தவர் வாசகர் ஒருவரே. ஆகவே கொரின் எதை நினைவுகூர வேண்டும் என்று தெரிந்தும் சொல்ல வழியில்லாத தவிப்பு அவருக்கு.

நெட்டியின் ஆப்பிரிக்கக் கடிதங்கள் குறையற்றவை அல்ல. ஒலிங்கா மக்களின் வழக்கங்கள், அவர்கள் நிலத்தை விழுங்கும் ரப்பர் தோட்டம் ஆகியவற்றை விவரிக்கையில் அவள் நடை பள்ளிக்கூடக் கட்டுரைபோல் ஆகிவிடுகிறது. படித்தவளின் மொழி என்பதால் அது பொருந்தும் என்று வாதிடலாம். ஆனால் சீலியின் குரலைக் கேட்டுப் பழகியவருக்கு அந்தப் பக்கங்கள் நீளமாகவே தோன்றும்.

பின்பகுதியில் தாமதம் மறுபக்கம் திரும்புகிறது. நெட்டி வந்த கப்பல் ஜெர்மானியக் கண்ணிவெடியால் மூழ்கியதாக அரசுத் தந்தி வருகிறது. சீலி தங்கைக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் பிரிக்கப்படாமலேயே திரும்பி வருகின்றன. அப்படியும் அவள் நெட்டிக்கே தொடர்ந்து எழுதுகிறாள்.