ஆறு ஆண்டுகளும் ஐந்து வரிகளும்

"குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியைத் தொடர இயலாமல் போய்விட்டது. மன்னிக்கவும்."

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பழைய மாணவி, கடலூர்ப் பள்ளி ஒன்றுக்கு அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டிய மின்னஞ்சலில் இருந்த வரிகள் இவை. முதுகலைத் தமிழும் பி.எட்.டும் படித்தவர். மூன்றாண்டு பாடம் நடத்திவிட்டு, ஆறாண்டு வீட்டில் இருந்தவர்.

இந்த வரிகளை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம். இதில் 'நான்' இல்லை. வேலையை விட்டவரை ஒதுக்கிவிட்டு, 'போய்விட்டது' என்ற அஃறிணை வினை முன்னால் நிற்கிறது. எப்போது, எவ்வளவு காலம் என்பதும் இல்லை. 'குடும்பச் சூழ்நிலை' ஒரு திரை. படிப்பவர் அதற்குப் பின்னால் தமக்குத் தோன்றியதையெல்லாம் வைத்துப் பார்ப்பார். கடைசியில் வரும் 'மன்னிக்கவும்' அவர் சொல்ல வேண்டிய தீர்ப்பை நாமே எழுதிக் கொடுக்கிறது. குற்றம்தான் என்ன? இரண்டு குழந்தைகளை வளர்த்ததும், பக்கவாதத்தில் படுத்த மாமியாரைப் பார்த்துக்கொண்டதும்.

இருவரும் பேசித் திருத்திய வடிவம் இது:

"2014 முதல் 2017 வரை பத்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்தேன். 2017 முதல் 2023 வரை குழந்தைகளையும் நோயுற்ற மாமியாரையும் கவனிப்பதற்காக வேலையிலிருந்து விலகியிருந்தேன். இப்போது முழுநேரம் பணியாற்ற முடியும். 2019இல் மாறிய பாடநூலை முழுதும் படித்திருக்கிறேன். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டவும் தயார்."

'விலகியிருந்தேன்' என்பதில் 'நான்' திரும்பி வந்துவிட்டது. காரணத்துக்கு ஒரு வாக்கியம் போதும். மாமியாரின் மருத்துவ விவரம் பள்ளிக்குத் தேவையில்லை. தலைமையாசிரியருக்கு நியாயமாக எழக்கூடிய சந்தேகம், பாடநூல் மாறியது இவருக்குத் தெரியுமா என்பதுதான். நான்காவது வரி அதற்குப் பதில் சொல்கிறது. அந்த வரியை எழுதுவதற்கு முன் நூலை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும்.

இடைவெளியை மறைக்கும் வழிகளும் உண்டு. ஆண்டுகளைக் குறிப்பிடாமல் விடுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்த டியூஷனைப் பள்ளி அனுபவமாகக் காட்டுவார்கள். ஆனால் பட்டச் சான்றிதழிலும் அனுபவச் சான்றிதழிலும் தேதி இருக்கிறது. நேர்காணலில் அது வெளிப்பட்டால், உண்மையாகப் பாடம் நடத்திய மூன்றாண்டும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் தொடங்கிய பெண் விஞ்ஞானிகள் திட்டம், இப்படி இடையில் வேலையை விட்ட பெண்களுக்காகவே வந்தது. அந்த விண்ணப்பத்தில் இடைவெளி ஒரு தகுதியாக இருந்தது. அதே ஆறாண்டு வேறொரு மேசைக்குப் போனால் குறையாகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் பெண் ஒருத்திதான், மாறுவது வாசிப்பவர்.

அந்த வாசிப்பை ஐந்து வரிகளால் மாற்றிவிட முடியாது. தேதியைப் பார்த்ததுமே மடலை மூடுகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் அவர்களுடைய தீர்ப்பை நம் கையெழுத்தில் எழுதித் தர வேண்டியதில்லை.